அடுக்கடுக்காகக் குறுகும் கோபுரம்: செங்கல் ஆர்டர் கொடுக்கும் முன் எண்ணிக்கை போடுவது எப்படி

ஒன்பதாவது அடுக்கின் மூன்றாவது வரியில் எனக்குக் கல் தீர்ந்துபோனது. சாரம் கட்டியாயிற்று, கொத்தனார் மேலே நிற்கிறார், கீழே நாலைந்து உடைந்த துண்டுகள்தான் கிடக்கின்றன. மறுபடி கல் வந்து சேரும்வரை வேலை நின்றது. வந்த கல்லும் வேறு சூளைப்போக்கு என்பதால் நிறம் கொஞ்சம் வெளுப்பு. இன்றைக்கும் கோபுரத்தைப் பார்த்தால் எந்த வரியில் என் கணக்கு தப்பியது என்று கோடு போட்டுக் காட்டியதுபோல் தெரியும்.

இத்தனைக்கும் சூத்திரம் தெரியாமல் இல்லை. பள்ளியில் படித்த அதே கூட்டுத்தொடர்தான். அதில் போட வேண்டிய எண்களை வரைபடத்திலிருந்து தப்பாக எடுத்ததுதான் பிரச்சினை. முதல் தடவை இப்படி ஒன்று கட்டப் போகிறவர்களுக்காக, புறாக்களுக்கென்று நான் கட்டிய அந்தக் கோபுரத்தையே உதாரணமாக வைத்து, படிப்படியாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எண்ணிக்கைக்கான வழிதான். சுவர் நிற்குமா, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் பொறியாளர் வேலை, அதை இதில் தேடாதீர்கள்.

1. கையில் என்னென்ன காகிதம் வேண்டும்

மூன்று படங்கள் வேண்டும். கீழ் அடுக்கின் தரைப்படம், மேல் அடுக்கின் தரைப்படம், கோபுரத்தை நெடுக வெட்டிப் பார்த்த குறுக்குவெட்டுப் படம். பெரும்பாலும் முதலும் மூன்றாவதும்தான் கொடுப்பார்கள். மேல் அடுக்கின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். "அதான் ஒவ்வொரு அடுக்கும் இவ்வளவு குறையும் என்று எழுதியிருக்கிறதே, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்பது நான்காவது படியில் வரும்.

என் கோபுரத்தின் விவரம் இது. சதுர வடிவம், உள்ளே வெற்றிடம், ஒருகல் சுவர். கீழ் அடுக்கின் வெளிப்பக்கம் 300 செ.மீ. மொத்தம் 12 அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் 6 வரி. ஒவ்வொரு அடுக்கும் அதற்குக் கீழுள்ளதைவிட நாலு பக்கமும் 5 செ.மீ. உள்ளே தள்ளி உட்காரும். கல் 19 × 9 × 9 செ.மீ., கலவை 1 செ.மீ. ஆக, கலவையோடு சேர்த்து ஒரு கல்லுக்கு 20 × 10 × 10.

உங்கள் கல்லின் அளவு வேறாக இருக்கலாம், அது பரவாயில்லை. ஆனால் கணக்கில் எப்போதும் கலவையோடு சேர்ந்த அளவையே எடுங்கள். சுவரின் மொத்தக் கன அளவை வெறும் கல்லின் கன அளவால் வகுத்துவிட்டு அதுதான் எண்ணிக்கை என்பவர்கள் உண்டு. என் கோபுரத்துக்கு அப்படிச் செய்தால் 6,480 வரவேண்டிய இடத்தில் 8,421 வருகிறது. கிட்டத்தட்ட 2,000 கல் வீண், ஏனென்றால் சுவரில் கலவை பிடிக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கல் வாங்கிவிட்டீர்கள்.

2. செ.மீட்டரை விட்டுவிட்டு 'கல் நீளத்துக்கு' மாறுங்கள்

எல்லா அளவையும் கலவையோடு சேர்ந்த ஒரு கல் நீளத்தால், அதாவது 20 செ.மீட்டரால், வகுத்துவிடுங்கள். கீழ்ப்பக்கம் 300 செ.மீ. என்றால் 15 கல் நீளம். சுவரின் கனம் 20 செ.மீ. என்றால் 1 கல் நீளம். உள்தள்ளல் 5 செ.மீ. என்றால் கால் கல் நீளம். இதைச் செய்தபிறகு பின்னங்கள் எளிதாகிவிடும், தப்பும் கண்ணில் படும்.

வேலை நடக்கும் இடத்தில் நாடா பிடித்துப் பார்க்கும்போது 299 என்று வந்தால் பதற வேண்டாம். 15 கல்லுக்கு நடுவே 14 இடத்தில்தான் கலவை வரும், கடைசி ஒரு செ.மீ. வெளியே இருக்காது.

பக்கம் முழுக்கல்லாகவோ அரைக்கல்லாகவோ வகுபடவில்லை என்றால், உதாரணத்துக்கு 15.3 என்று வந்தால், ஆர்டர் கொடுக்கும் முன் கொத்தனாரோடும் படம் போட்டவரோடும் பேசி 15 ஆக்கவோ 15.5 ஆக்கவோ முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரியிலும் கல் வெட்ட வேண்டும், வெட்டும் கூலியும் உடையும் கல்லும் உங்கள் தலையில்தான்.

3. கீழ் அடுக்கின் ஒரு வரிக்கு எத்தனை கல்

இதுதான் முதல் உறுப்பு. இதில் தப்பினால் மேலே எல்லாமே தப்பும்.

ஒருகல் சுவரில், ஒரு கல் நீள தூரத்துக்கு, ஒரு வரியில் 2 கல் பிடிக்கும். நீளவாக்கில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் சரி, குறுக்குவாக்கில் இரண்டை வைத்தாலும் சரி, இரண்டுதான். அதனால் வெளியே நின்று முகப்பில் தெரியும் கல்லை எண்ணாதீர்கள். நீளவாக்கு வரியில் 15 தெரியும், குறுக்கு வரியில் 30 தெரியும், இரண்டுமே சுவருக்குள் உள்ள எண்ணிக்கையைச் சொல்லாது.

அடுத்து சுற்றளவு. நாலு பக்கம், பக்கத்துக்கு 15, ஆக 60, அதை இரண்டால் பெருக்கினால் 120 என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இங்கே ஒரு குழி இருக்கிறது. ஒவ்வொரு மூலையும் இரண்டு சுவர்களுக்குப் பொது. அந்த மூலைச் சதுரத்தில் 2 கல் இருக்கிறது, அதை இரண்டு தடவை எண்ணிவிட்டீர்கள். நாலு மூலைக்கும் சேர்த்து 8 கல் அதிகம். ஆக உண்மையான எண்ணிக்கை 112.

இதையே சுவரின் நடுக்கோட்டை வைத்துப் போடலாம். நடுக்கோட்டின் பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஒரு சுவர் கனம் குறைவு, அதாவது 15 − 1 = 14. சுற்றளவு 56, இரண்டால் பெருக்கினால் 112. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் எந்த அடுக்குக்கும் அப்படியே பொருந்தும்: பக்கம் s கல் நீளம் என்றால் ஒரு வரிக்கு

```
8 × (s − 1)
```

மூலைகளில் இரண்டு தடவை எண்ணுவது வரிக்கு 8 கல்தானே என்று தோன்றும். 72 வரிக்கு அது 576 கல்.

நம்பிக்கை வரவில்லை என்றால், வந்த முதல் லோடிலிருந்து கல் எடுத்து, கலவை இல்லாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, ஒரு வரியைத் தரையில் பரப்பி எண்ணிப் பாருங்கள். நாலு பக்கமும் வேண்டாம், ஒரு மூலையும் ஒரு பக்கமும் போதும்.

4. ஒவ்வொரு அடுக்குக்கும் எவ்வளவு குறைகிறது (நான் விழுந்த இடம்)

இரண்டாவது அடுக்கு நாலு பக்கமும் கால் கல் உள்ளே போகிறது. ஒரு பக்கத்தின் நீளத்தைப் பாருங்கள். அதன் இடது முனையும் கால் கல் உள்ளே போகிறது, வலது முனையும் போகிறது. ஆக பக்க நீளம் அரைக்கல் குறைகிறது. s என்பது 0.5 குறைந்தால், 8 × 0.5 = 4. வரிக்கு 4 கல் குறைவு. பொது வித்தியாசம் −4.

என்னிடம் இருந்த படத்தில் 'அடுக்குக்கு 10 செ.மீ. குறைவு' என்று எழுதியிருந்தது. பக்க நீளத்தில் மொத்தக் குறைவு 10 என்று அதற்குப் பொருள். நான் அதை ஒவ்வொரு முனையிலும் 10 என்று எடுத்துக்கொண்டேன். பொது வித்தியாசம் −8 ஆகிவிட்டது. கணக்கு சுத்தமாக வந்தது, எங்கேயும் இடிக்கவில்லை. 4,896 கல். வாசலைக் கழித்து, சேதாரம் சேர்த்து 5,000 ஆர்டர் கொடுத்தேன். மீதிக் கதையைத்தான் மேலேயே சொல்லிவிட்டேனே.

மேல் அடுக்கின் படத்தைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். என் தப்புக் கணக்கில் மேல் அடுக்கின் ஒரு வரிக்கு 24 கல்தான் வந்தது. அப்படியென்றால் s − 1 = 3, பக்கம் 4 கல் நீளம், அதாவது 80 செ.மீ. படத்திலோ மேல் அடுக்கின் பக்கம் 190 செ.மீ. இந்த ஒரே ஒப்பீட்டைச் செய்திருந்தால் அரை நிமிடத்தில் தப்பு பிடிபட்டிருக்கும்.

ஆகவே கடைசி உறுப்பை இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு வழியில் கண்டுபிடியுங்கள். ஒன்று, தொடர் வழியாக: 12 அடுக்கு என்றால் 11 தடவைதான் குறைகிறது, ஆகவே 112 − 11 × 4 = 68. இன்னொன்று, மேல் அடுக்கின் படத்திலிருந்து நேராக: 190 செ.மீ. என்பது 9.5 கல் நீளம், 8 × 8.5 = 68. இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

'11 தடவை' என்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் 12-ஆல் பெருக்கினால் கடைசி வரிக்கு 64 வரும், மொத்தத்தில் 144 கல் குறையும். இந்தத் தப்பையும் மேல் படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு வகைத் தப்பு, அடுக்கையும் வரியையும் குழப்பிக்கொள்வது. குறைவது அடுக்குக்கு ஒரு தடவை. ஓர் அடுக்குக்குள் இருக்கும் 6 வரிக்கும் ஒரே எண்ணிக்கைதான். 72 வரியையும் 72 உறுப்பாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் 4 குறைத்தால் கடைசியில் −172 கல் என்று வரும். குறை எண்ணில் கல் வாங்க முடியாது, அதனால் இதில் யாரும் பணத்தை விடுவதில்லை.

5. கூட்டுங்கள்

அடுக்குக்கு ஒரு வரி என்று எடுத்தால், முதல் உறுப்பு 112, கடைசி உறுப்பு 68, உறுப்புகள் 12.

```
S = n/2 × (a + l)
  = 12/2 × (112 + 68)
  = 6 × 180
  = 1080
```

அடுக்குக்கு 6 வரி என்பதால் 1080 × 6 = 6,480.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. முதலும் கடைசியும் கூட்டிப் பாதியாக்கினால் 90, அதுதான் சராசரி வரி. மொத்தம் 72 வரி. 90 × 72 = 6,480. வேலை நடக்கும் இடத்தில் யாராவது கேட்டால் இதை மனதிலேயே போட்டுச் சொல்லிவிடலாம்.

எல்லா அடுக்கிலும் ஒரே அளவு வரி இல்லையா? கீழ் அடுக்கு மட்டும் 9 வரி, மற்றதெல்லாம் 6 என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் 6 என்றே கூட்டிவிட்டு, மிச்ச 3 வரிக்கு 3 × 112 = 336 சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. உங்கள் கோபுரத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்துமா என்று பாருங்கள்

இதை நியாயமாக முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் எண்களைப் பார்த்தபிறகு சொன்னால்தான் புரியும். கூட்டுத்தொடர் சூத்திரம் செல்லுபடியாக, அடுத்தடுத்த அடுக்குகளின் வித்தியாசம் மாறாமல் இருக்க வேண்டும். முதல் மூன்று அடுக்கைக் கையால் எண்ணிக் கழித்துப் பாருங்கள். என்னுடையதில் 112, 108, 104. வித்தியாசம் 4, 4. சரி, போகலாம்.

உள்ளே வெற்றிடம் இல்லாமல் முழுக்கக் கல்லால் நிரப்பிய கோபுரம் என்றால் இது பொருந்தாது. அதே அளவில் ஒரு வரிக்கு 15 × 15 × 2 = 450, அடுத்தது 420.5, அதற்கடுத்தது 392. வித்தியாசம் 29.5, பிறகு 28.5. மாறிக்கொண்டே போகிறது, ஏனென்றால் இங்கே எண்ணிக்கை பக்கத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. வெற்றிடம் உள்ள கோபுரத்திலும் வெளிச் சதுரத்திலிருந்து உள் சதுரத்தைத்தான் கழிக்கிறோம், ஆனால் சுவர் கனம் மாறாதவரை அந்தக் கழித்தலில் வர்க்கம் வர்க்கத்தோடு அடிபட்டுப்போய், பக்கத்துக்கு நேர் விகிதத்தில் குறைகிற பகுதி மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் வித்தியாசம் சீராக வருகிறது.

நிரப்பிய கோபுரத்துக்குச் 'சராசரிப் பக்கம்' வைத்துப் போட்டால் என்ன ஆகும்? சராசரிப் பக்கம் 12.25, அதை வைத்து 72 வரிக்குப் போட்டால் 21,609. ஒவ்வோர் அடுக்காகக் கூட்டினால் 22,038. 429 கல் குறைவாக வாங்கியிருப்பீர்கள். அந்த வகைக்கு 12 அடுக்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டிவிடுவதே மேல். வெறும் 12 வரிதான், சூத்திரம் தேடும் நேரத்தில் முடிந்துவிடும்.

மேலே போகப் போகச் சுவர் கனமும் குறைகிறது, அல்லது அடுக்குக்கு 12 வரி, 11 வரி, 10 வரி என்று வரியும் குறைகிறது என்றாலும் இதே கதைதான். 112 × 12 = 1,344, 108 × 11 = 1,188, 104 × 10 = 1,040. வித்தியாசம் 156, அப்புறம் 148. சூத்திரத்தை மறந்துவிட்டு எழுதிக் கூட்டுங்கள். சுவர் கனம் பாதியில் ஒரே ஒரு தடவை மாறினால் மட்டும் கோபுரத்தை அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து, இரண்டு தனித் தொடராகப் போடலாம்.

7. வாசலைக் கழித்து, சேதாரத்தைச் சேருங்கள்

என் வாசல் 90 செ.மீ. அகலம், 180 உயரம். 4.5 கல் நீளம், அதனால் வரிக்கு 9 கல், 18 வரி, ஆக 162 கல் கழிவு. அதற்கு மேல் 120 செ.மீ. நீளத்தில் ஒரு வரி உயரத்துக்கு லிண்டல், அது 12 கல்லின் இடத்தைப் பிடிக்கும். மொத்தம் 174 போக 6,306. வாசல் மூன்று அடுக்கு உயரம் போகிறது, ஒவ்வோர் அடுக்கும் உள்ளே தள்ளுகிறது, ஆனால் வாசலின் அகலம் மாறவில்லை என்பதால் வரிக்கு 9 என்பதும் மாறாது. அடித்தளமும் மேல் மூடியும் தனிக்கணக்கு, இதில் கலக்காதீர்கள்.

சேதாரம் 5 சதவீதம் என்று வைத்தால் 6,621. அடுக்கு மாறும்போதெல்லாம் மூலையில் கல் வெட்ட வேண்டியிருக்கும் என்பதால் குறுகும் கோபுரத்தில் 5 என்பது குறைந்தபட்சம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் என்றால் 6,937. ஆயிரக்கணக்கில்தான் விற்பார்கள் என்றால் இரண்டுக்குமே 7,000 தான்.

சேதாரத்தைக் கடைசியில் ஒரே ஒரு தடவை சேருங்கள். நான் பார்த்தவரை வரிக்கு 112 என்பதை 'ஒரு 120 வைத்துக்கொள்வோம்' என்று முதலிலேயே ஏற்றிவிட்டு, கடைசியில் மறுபடி 10 சதவீதம் சேர்ப்பவர்கள்தான் அதிகம். அதற்கப்புறம் எந்த எண் உண்மை, எது பயத்தில் சேர்த்தது என்று யாருக்கும் தெரியாது.

8. எப்போது எவ்வளவு இறக்குவது

7,000 கல்லையும் ஒரே நாளில் இறக்க இடம் இருக்காது, பணமும் ஒரேயடியாக முடங்கும். இரண்டாகப் பிரிக்கும்போது 'பாதி உயரத்துக்குப் பாதிக் கல்' என்று பிரிக்காதீர்கள். கீழே தான் கல் அதிகம் தின்னும். முதல் 6 அடுக்குக்கு:

```
6/2 × (2 × 112 − 5 × 4) = 3 × 204 = 612
612 × 6 = 3672
```

மேல் 6 அடுக்குக்கு 2,808 தான். வாசல் முழுக்கக் கீழ்ப்பாதியில் வருவதால் 174-ஐ அங்கே கழித்தால் 3,498, சேதாரத்தோடு 3,673. ஆகவே முதலில் 4,000, பிறகு 3,000. ஆனால் விலை பேசும்போதே மொத்தம் 7,000-க்கும் பேசி, இரண்டாவது லோடும் அதே சூளைப்போக்கிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் வெளுத்த கல்தான் வரும்.

லோடு வந்த அன்றே எண்ணிவிடுங்கள். அடுக்கி வைத்தால் நீளம் × அகலம் × உயரம் என்று பெருக்கிவிடலாம், கொட்டிய குவியலை யாராலும் எண்ண முடியாது. அடுக்கி வைக்கக் கூலி கொஞ்சம் அதிகம் கேட்பார்கள், கொடுக்கலாம்.

ஆறாவது அடுக்கு முடிந்த அன்று மிச்சக் கல்லை எண்ணுங்கள். 4,000-இல் 3,673 போயிருந்தால் 327 இருக்க வேண்டும். 150 தான் இருக்கிறது என்றால் 3,850 செலவாகியிருக்கிறது, 3,498 பிடிக்க வேண்டிய சுவருக்கு. அதாவது உங்கள் வேலையில் உண்மையான சேதாரம் 10 சதவீதம். இனி அதையே வைத்து மேல்பாதிக்குப் போடுங்கள்: 2,808-க்கு 10 சதவீதம் சேர்த்தால் 3,089, கையிலுள்ள 150 போக 2,939. இரண்டாவது லோடு 3,000 என்பது சரியாக இருக்கும். 5 சதவீதத்தை நம்பி '2,600 போதும்' என்று லோடைக் குறைத்திருந்தால், கடைசி அடுக்கில் கொத்தனார் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.